குளிர்மலையில் டீசல் பற்றும் நேரம்: சீட்டேன் எண் பற்றி நீலகிரி ஓட்டுநர்கள் கேட்கும் கேள்விகள்

டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாதே, பிறகு எதனால் தீப்பிடிக்கிறது?

காற்றின் சூட்டினால். பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களில் காற்றும் பெட்ரோலும் முன்னதாகவே கலந்து சிலிண்டருக்குள் செல்கின்றன. அந்தக் கலவை ஏறத்தாழ 10 மடங்கு அழுத்தப்பட்டு, பிஸ்டன் உச்சியை நெருங்கும் வேளையில் ஸ்பார்க் பிளக் தரும் பொறியால் ஓரிடத்தில் பற்றுகிறது; அங்கிருந்து தீ கலவை முழுவதும் படர்கிறது. எப்போது பற்ற வேண்டும் என்பதை அந்தப் பொறிதான் தீர்மானிக்கிறது. ஆகவே பொறி வரும்வரையிலும், வந்த பிறகு தீ தன்னை வந்து சேரும்வரையிலும் பெட்ரோல் தானாகப் பற்றாமல் பொறுத்திருக்க வேண்டும்.

டீசல் இன்ஜின் உள்ளிழுப்பது வெறும் காற்றை மட்டுமே. அந்தக் காற்று 16, 17 மடங்கும், சில பழைய இன்ஜின்களில் 20 மடங்குக்கு மேலும் அழுத்தப்படுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி கையைச் சுடுகிறதல்லவா, அதே சூடுதான் இங்கே பல மடங்காகிறது. நன்கு சூடேறி ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில், அழுத்தத்தின் முடிவில் காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பு, இன்ஜெக்டரின் நாசில் டீசலை மிக நுண்ணிய துளிகளாக அந்தக் காற்றுக்குள் பீய்ச்சுகிறது. துளிகள் ஆவியாகி, காற்றோடு கலந்து, பல இடங்களில் தாமாகவே பற்றுகின்றன.

சில டீசல் வண்டிகளில் பிளக் போன்ற ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அது ஹீட்டர் பிளக். அதன் முனை பொறி எதையும் தருவதில்லை. செந்நிறமாகச் சூடேறி, குளிர்ந்த இன்ஜின் கிளம்பும்வரை துணை நிற்கிறது, அவ்வளவே.

சீட்டேன் எண் என்றால் என்ன? அது அதிகமாக இருந்தால் வண்டிக்கு இழுவை அதிகமாகுமா?

ஆகாது. சீட்டேன் எண் டீசலில் அடங்கிய சக்தியின் அளவு அன்று. டீசல் பற்றுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறிக்கும் எண். நாசில் டீசலைப் பீய்ச்சத் தொடங்கும் கணத்திற்கும் அது பற்றத் தொடங்கும் கணத்திற்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. இதைப் பற்றும் தாமதம் என்று கொள்வோம். சூடான இன்ஜினில் இது ஏறத்தாழ ஒரு மில்லிவினாடி, அதாவது ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பாரம் ஏறி ஓடும்போது அதற்கும் குறைவு. சீட்டேன் எண் உயர்ந்த டீசலுக்கு இந்தத் தாமதம் குறைவு. எண் தாழ்ந்த டீசலுக்கு அதிகம்.

இந்த எண்ணுக்கு அடிப்படையாக இரண்டு தூய திரவங்கள் உள்ளன. ஹெக்சாடெக்கேன் எனப்படும் சீட்டேன், 16 கரி அணுக்கள் கிளையின்றி ஒரே நேர்ச்சங்கிலியாக அமைந்த திரவம். மிக எளிதில் பற்றும் அதற்கு 100 என்று வைத்தார்கள். ஹெப்டாமெத்தில்நோனேன் என்பதிலும் அதே 16 கரி அணுக்கள்தாம், ஆனால் கிளைகள் நிறைந்தது, எளிதில் பற்றாது, அதற்கு 15. ஒரே எண்ணிக்கையில் அணுக்கள் இருந்தும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பது அறிந்துகொள்ளத் தக்கது. சூட்டில் முதலில் ஆக்சிஜன் வந்து சங்கிலியின் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. அது அதே மூலக்கூறின் அருகிலுள்ள வேறொரு கரியிலிருந்து ஹைட்ரஜனைப் பறித்து, பெராக்சைடாக மாறி, பிறகு உடைந்து, அடுத்தடுத்த மூலக்கூறுகளைத் தாக்கும் துணுக்குகளை வெளிவிடுகிறது. நீண்ட நேர்ச்சங்கிலியில் இந்தப் பறிப்பு எளிது. கிளைகளின் நுனியில் உள்ள ஹைட்ரஜன்கள் இறுகப் பிணைந்திருப்பதால் அங்கே அது கடினம். பென்சீன் வளையங்களில் இன்னும் கடினம்.

நாடு முழுவதும் 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ். 6 டீசலுக்குச் சீட்டேன் எண் குறைந்தது 51 இருக்க வேண்டும். அமெரிக்காவில் குறைந்தபட்ச அளவு 40 மட்டுமே. ஆகவே நம் பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் டீசல் இந்த வகையில் தாழ்ந்ததன்று.

51 என்று எப்படி அளக்கிறார்கள்? பங்கிலேயே பார்த்துச் சொல்ல முடியாதா?

பங்கில் முடியாது. பங்கில் ஹைட்ரோமீட்டர் கொண்டு அடர்த்தியையும் வெப்பநிலையையும் பார்க்கலாம். சீட்டேன் எண்ணை அறிய அதற்கென்றே அமைந்த ஓர் ஒற்றை சிலிண்டர் இன்ஜின் வேண்டும். அந்த இன்ஜின் நிமிடத்திற்கு 900 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடும். பிஸ்டன் உச்சியை அடைவதற்கு, கிராங்க் சுழற்சியில் 13 பாகை முன்னதாக டீசல் பீய்ச்சப்படும். சரியாக உச்சியில் பற்ற வேண்டும். 900 சுற்று என்றால் வினாடிக்கு 5400 பாகை. எனவே 13 பாகை என்பது ஏறத்தாழ 2.4 மில்லிவினாடி. தாமதத்தை இப்படி நிலையாக வைத்துக்கொண்டு, ஒரு கைச்சக்கரத்தைத் திருகி அழுத்த விகிதத்தைக் கூட்டியும் குறைத்தும், அந்த 13 பாகை எப்போது அமைகிறது என்று பார்ப்பார்கள். எளிதில் பற்றும் டீசலுக்குக் குறைந்த அழுத்தமே போதும். பற்றச் சுணங்கும் டீசலுக்கு அதிக அழுத்தம் தேவை.

பிறகு அதே சோதனையை, எண் தெரிந்த இரண்டு கலவைகளைக் கொண்டு செய்வார்கள். எடுத்துக்காட்டாக, நூற்றுக்கு 40 பங்கு சீட்டேனும் 60 பங்கு ஹெப்டாமெத்தில்நோனேனும் கலந்தால், 40 உடன் 60-இல் 0.15 பங்கான 9 சேர்ந்து 49 வரும். மற்றொரு கலவை 54 என்று கொள்வோம். நம் டீசலுக்கான கைச்சக்கர அளவு, 49-லிருந்து 54-ஐ நோக்கிய தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கில் அமைந்தால், அதன் எண் 51.

இவ்வளவு கவனமாக அளந்தாலும், ஒரே டீசலை இரண்டு ஆய்வகங்கள் சோதித்தால் 4 எண் வரை வேறுபட்டு வர இடமுண்டு என்பதை அந்தச் சோதனை முறையே ஒப்புக்கொள்கிறது. ஆகவே ஒரு பங்கின் டீசல் 52, மற்றொன்றினுடையது 53 என்று வாதிடுவதில் பொருளில்லை.

பெட்ரோல் வண்டியிலும் நாக்கிங் என்கிறார்கள், டீசல் வண்டியும் காலையில் டக்டக் என்று தட்டுகிறது. இரண்டும் ஒன்றுதானா?

ஓசை ஒன்றுபோல் இருந்தாலும் காரணம் நேர் எதிரானது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் இந்தப் பக்கத்தின் பாதி புரிந்த மாதிரி.

பெட்ரோல் இன்ஜினில் தட்டல் எரிதலின் கடைசியில் வருகிறது. பொறியிலிருந்து கிளம்பிய தீ படர்ந்துகொண்டிருக்கும்போதே, இன்னும் எரியாமல் மூலையில் நெருக்கப்பட்ட கலவை, பொறுக்க முடியாத சூட்டில் தீ வந்து சேருமுன் தானாகவே ஒரே வீச்சில் வெடிக்கிறது. அதாவது பெட்ரோல் சீக்கிரமாகப் பற்றிவிட்டது. அப்படித் தானாகப் பற்றாமல் தாக்குப்பிடிக்கும் தன்மையின் அளவுதான் ஆக்டேன் எண்.

டீசலில் தட்டல் எரிதலின் தொடக்கத்தில் வருகிறது, அதுவும் தாமதமாகப் பற்றியதால். தாமதம் நீளும்போது நாசில் காத்திருப்பதில்லை. அது டீசலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறது. பற்றாத டீசல் சிலிண்டருக்குள் சேர்ந்துகொண்டே போய், கடைசியில் பற்றும்போது, சேர்ந்த அனைத்தும் ஒரே சமயத்தில் எரிந்து அழுத்தத்தைச் செங்குத்தாக உயர்த்துகின்றன. அந்த அடிதான் நாம் கேட்கும் ஓசை. தாமதம் குறைவாக இருந்தால், முதலில் பீய்ச்சிய சிறு அளவு பற்றிவிடும். அதன்பின் வருவது வரவர எரியும். அழுத்தம் சீராக ஏறும். இன்றைய காமன் ரெயில் இன்ஜின்கள் பெரும்பாலும் முதலில் ஒரு சிறு சொட்டைப் பீய்ச்சிப் பற்றவிட்டு, அதன் பிறகே மீதியைப் பீய்ச்சுவதும் இதற்காகத்தான்.

ஆகவே மருந்தும் தலைகீழ். அழுத்த விகிதம் கூடினாலும், உள்ளே வரும் காற்று சூடானாலும் பெட்ரோல் இன்ஜினில் தட்டல் கூடும். டீசல் இன்ஜினில் அது குறையும். மலையேறும்போது இந்த எதிர்மறை நம் கண்முன்னே நடக்கிறது. உதகையின் மெலிந்த, குளிர்ந்த காற்றில் பெட்ரோல் இன்ஜினுக்குத் தட்டும் வாய்ப்பு சமவெளியைவிடக் குறைவு. அதே காற்றில் டீசல் இன்ஜின் அதிகமாகத் தட்டுகிறது.

மேட்டுப்பாளையத்தில் ஒரே செல்ஃபில் கிளம்பும் பிக்கப், உதகையை அடுத்த தலைக்குந்தாவில் விடியற்காலையில் செல்ஃபை இழுத்து இழுத்து அடிக்க வைக்கிறது. கிளம்பினாலும் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை. அதே டீசல், அதே வண்டி, எதனால்?

காரட் ஏற்றி மண்டிக்குச் செல்லும் வண்டிகளிடமிருந்து மார்கழி, தை மாதங்களில் அதிகமாக வரும் கேள்வி இது. கணக்காகவே போட்டுப் பார்ப்போம். அழுத்த விகிதம் 17 உள்ள ஓர் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்தில் அதிகாலைக் காற்று 22 டிகிரி. தலைக்குந்தாவில் உறைபனி விழும் காலையில் 2 டிகிரி என்று கொள்வோம்.

செல்ஃபில் மெதுவாகச் சுற்றும்போது காற்றின் சூட்டில் ஒரு பகுதி குளிர்ந்த சுவரில் இழக்கப்படுகிறது. அதைக் கணக்கில் எடுத்தால், அழுத்தத்தின் முடிவில் காற்றின் வெப்பநிலை, கெல்வின் அளவில், தொடக்கத்தைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 22 டிகிரி என்பது 295 கெல்வின். அது 599 கெல்வினாகும், அதாவது ஏறத்தாழ 326 டிகிரி செல்சியஸ். 2 டிகிரி என்பது 275 கெல்வின். அது 558 ஆகும், அதாவது 285 டிகிரி. வெளியே 20 டிகிரி குறைந்தது உள்ளே 40 டிகிரியாகக் குறைகிறது. அதோடு குளிரில் பேட்டரி சோர்ந்தும் ஆயில் இறுகியும் செல்ஃப் இன்னும் மெதுவாகச் சுற்றினால், சுவரில் இழக்கும் சூடும் ரிங் வழியே கசியும் காற்றும் கூடி, மேலும் 30 டிகிரி போய்விடக்கூடும். இவை தோராயமான எண்களே என்றாலும், எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதைச் சரியாகக் காட்டுகின்றன.

குளிரை மட்டும் எல்லோரும் குறை சொல்கிறார்கள், உயரத்தை மறந்துவிடுகிறார்கள். உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 0.77 பார், மேட்டுப்பாளையத்தில் 0.97 பார். அழுத்த விகிதம் மாறாததால், முடிவில் கிடைக்கும் அழுத்தம் அங்கே 33 பார் என்றால் இங்கே 27 பார்தான். ஆக்சிஜன் மூலக்கூறுகள் டீசல் ஆவியோடு மோதும் வாய்ப்பு அந்த அளவுக்குக் குறைகிறது, தாமதம் நீள்கிறது. டர்போ இருக்கிறதே என்று கேட்பார்கள். டர்போ சுழல்வது வெளியேறும் புகையின் விசையால். இன்ஜின் கிளம்பாதபோது அந்த விசை இல்லை, ஐடிலிங்கில் மிகக் குறைவு. ஆகவே ஸ்டார்ட் செய்யும் கணத்தில் டர்போ வண்டியும் இந்த மெலிந்த காற்றை நம்பித்தான் நிற்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். டீசல் ஏறத்தாழ 210 டிகிரியில் தானாகப் பற்றும் என்று புத்தகங்களில் இருக்கிறது. உள்ளே 285 டிகிரி இருந்தும் ஏன் பற்றவில்லை? அந்த 210 டிகிரி, சூடான கண்ணாடிக் குடுவையில் சிறிது எரிபொருளை விட்டு, பற்றுகிறதா என்று நிமிடக்கணக்கில் காத்திருந்து அளந்த எண். இன்ஜின் நிமிடக்கணக்கில் காத்திருக்காது. ஐடிலிங்கில் 800 சுற்று என்றால் ஒரு மில்லிவினாடிக்குள் 4.8 பாகை ஓடிவிடுகிறது. உச்சிக்கு 12 பாகை முன்பு டீசல் பீய்ச்சப்படுகிறது என்று கொள்வோம். தாமதம் 1 மில்லிவினாடி என்றால் உச்சிக்கு 7 பாகை முன்பே பற்றிவிடும். தாமதம் 3 மில்லிவினாடியானால் 14 பாகைக்கு மேல் கடந்து, பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிய பிறகே பற்ற வேண்டும். அப்போது காற்று விரிந்து குளிர்ந்துகொண்டிருப்பதால், ஒன்று கடைசி நேரத்தில் அரைகுறையாகப் பற்றும், அல்லது பற்றாமலே போய்விடும். அப்படிப் பற்றாமல் வெளியேறும் டீசல் ஆவி, குளிர்ந்த சைலன்சரில் மீண்டும் நுண்துளிகளாகிறது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புகை அதுதான். கண்ணை எரிப்பதற்குக் காரணம் அதில் கலந்துள்ள பாதி எரிந்த பொருள்கள்.

சில நிமிடம் ஓடியதும் சிலிண்டர் சுவரும் பிஸ்டன் தலையும் சூடேறி, தாமதம் தானாகக் குறைந்து, புகையும் தட்டலும் அடங்கிவிடுகின்றன. டீசலின் சீட்டேன் எண் மாறவில்லை; அதன் சுற்றுப்புறம் மாறியது.

அப்படியானால் முதலில் எதைச் சோதிப்பது? டீசலையா, வண்டியையா?

வண்டியை. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறதா என்று ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். புகை வந்தால், டீசல் சிலிண்டருக்குள் சேருகிறது, சூடு போதவில்லை என்று பொருள். புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை. லைனில் காற்றுப் பிடித்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று அந்தப் பக்கம் போக வேண்டும்.

புகை வரும் வண்டியில் அடுத்ததாகப் பேட்டரியையும் செல்ஃபின் வேகத்தையும் பாருங்கள். அதன் பிறகு ஹீட்டர் பிளக். ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் பிளக்கின் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே மின்தடையைப் பார்த்தால், நல்ல பிளக் பெரும்பாலும் ஓர் ஓம் அளவிலோ அதற்குக் குறைவாகவோ காட்டும். இணைப்பே இல்லை என்று காட்டினால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. நான்கில் ஒன்று போனாலும் சமவெளியில் யாருக்கும் தெரியாது. மூன்று சிலிண்டர் பற்றிக்கொண்டால் வண்டி கிளம்பிவிடும். இங்கே உறைபனிக் காலையில்தான் அது வெளிப்படும். டேஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை சாவியைத் திருப்பி வைத்துக் காத்திருக்கிறீர்களா என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. பலர் காத்திருப்பதில்லை. பழைய நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே கிடையாது. அவை அழுத்தத்தின் நலத்தை மட்டுமே நம்பியவை.

இவை எல்லாம் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ரிங் தேய்ந்த இன்ஜின், மேலே கண்ட கணக்கில் அழுத்தம், சூடு இரண்டையும் இழக்கிறது. அதன்பின் இன்ஜெக்ஷன் டைமிங்கும் நாசிலும். நாசில் தூவாமல் ஒழுகினால் பெரிய துளிகள் ஆவியாக நேரம் எடுக்கும், அதுவும் தாமதம்தான். டீசலின் தரத்தைச் சந்தேகிப்பது கடைசியில். ஒரே இடத்தில் டீசல் நிரப்பிய பல வண்டிகள் ஒரே வாரத்தில் திடீரென்று தட்டவும் புகைக்கவும் தொடங்கினால் அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. உங்கள் வண்டி மட்டும் என்றால் பெரும்பாலும் இல்லை.

இன்ஜின் நன்கு சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், இனிப்பு நெடியோடு வந்து, ரேடியேட்டரில் கூலன்ட்டும் குறைந்தால், அது வேறு நோய். ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

பனிக்காலத்தில் டீசலோடு கொஞ்சம் பெட்ரோல் சேர்த்தால் சீக்கிரம் பற்றும் என்று பழைய டிரைவர்கள் சொல்கிறார்களே?

தயவுசெய்து செய்யாதீர்கள். பெட்ரோல் தீக்குச்சிக்குச் சட்டென்று பற்றுகிறது என்பதால் இந்த நம்பிக்கை. அது பெட்ரோல் எளிதில் ஆவியாவதால் நடப்பது. தீக்குச்சி அங்கே பொறியின் வேலையைச் செய்கிறது. தீயோ பொறியோ இல்லாமல் சூட்டினால் மட்டும் பற்றுவதில் பெட்ரோல் டீசலைவிட மிகவும் மந்தம். அப்படி இருப்பதற்காகவே அது தயாரிக்கப்படுகிறது. ஆக்டேன் உயர்ந்த எதுவும் சீட்டேனில் தாழ்ந்தே இருக்கும். பெட்ரோலின் சீட்டேன் எண்ணைத் தோராயமாக 15 என்று வைத்துக்கொண்டால், 52 உள்ள 40 லிட்டர் டீசலில் 10 லிட்டர் பெட்ரோல் கலந்ததும் எண் ஏறத்தாழ 45-க்கு இறங்கிவிடும். எதற்காகக் கலந்தீர்களோ, அதற்கு நேர் எதிரான பலன்.

இழப்பு இதோடு நிற்பதில்லை. இன்ஜெக்ஷன் பம்பும் இன்ஜெக்டரும் டீசலையே உயவாகக் கொண்டு இயங்குபவை. பெட்ரோலில் அந்த வழுவழுப்பு இல்லை. காமன் ரெயில் வண்டியில் பம்ப் தேய்ந்து உலோகத்துகள் லைன் முழுவதும் போய்விட்டால், டேங்க் முதல் இன்ஜெக்டர் வரை மாற்றவோ கழுவவோ வேண்டியிருக்கும். பங்கில் தவறுதலாகப் பெட்ரோல் நிரப்பிவிட்டார்கள் என்று தெரிந்தால், சாவியைக்கூடத் திருப்பாமல், வண்டியைத் தள்ளி ஓரமாக நிறுத்தி டேங்கை இறக்கிவிடுவதே நல்லது.

மண்ணெண்ணெயும் சீட்டேனைக் கூட்டுவதில்லை. அதைக் கலப்பது கலப்படமும் ஆகும். ஆனால் பழையவர்கள் மண்ணெண்ணெயைத் தேடியதற்கு ஒரு காரணம் இருந்தது. அது அடுத்த கேள்வியில் வருகிறது.

சீட்டேன் அதிகமான டீசல்தானே குளிருக்கு நல்லது? அதை 100-க்கே கொண்டுபோனால் என்ன?

தூய சீட்டேன் 18 டிகிரியில் உறைந்துவிடும். நூற்றுக்கு நூறு வாங்கிய அந்தத் திரவத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி உதகையில் ஓரிரவு வெளியே வைத்தால், காலையில் அது வெண்மையான மெழுகுக் கட்டியாக இருக்கும். எந்த நேர்ச்சங்கிலி எளிதில் பற்றுகிறதோ, அதே நேர்ச்சங்கிலிதான் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கப்பட்டு எளிதில் உறைகிறது. கிளைகளும் வளையங்களும் உள்ளவை குளிரைத் தாங்கும். ஆனால் பற்றச் சுணங்கும். சுத்திகரிப்பு நிலையம் இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தேடித்தான் டீசலைக் கலக்கிறது.

நம் நாட்டுத் தரநிர்ணயத்தில், டீசல் மெழுகு கட்டி ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 6 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. சமவெளிக்கு அது தாராளமாகப் போதும். அவலாஞ்சியிலும் தலைக்குந்தாவிலும் பனி விழும் இரவில் அந்த எல்லைக்கும் கீழே வெப்பநிலை இறங்குகிறது. விற்கப்படும் டீசல் பொதுவாக எல்லையைவிடச் சற்று நல்லதாகவே இருக்கும், டேங்கும் பகல் சூட்டைச் சிறிது பிடித்துவைத்திருக்கும். அதனால்தான் எல்லா வண்டிகளும் நின்றுவிடுவதில்லை. சமவெளியில் கோடையில் நிரப்பி, மாதக்கணக்கில் ஓடாமல் நின்று, டிசம்பரில் எடுக்கப்படும் பம்ப்செட்டுகளில் இதை எதிர்பார்க்கலாம். மண்ணெண்ணெய் கலந்த பழைய வழக்கத்தின் காரணம் இதுதான். மெழுகைக் கரைப்பதற்கு, பற்றவைப்பதற்கு அன்று.

இந்த இரண்டு கோளாறுகளையும் பிரித்தறிவது எளிது. தாமதத்தால் வரும் சிக்கலில் வண்டி கிளம்ப மறுக்கும், வெள்ளைப் புகை விடும், ஓட ஓடச் சரியாகும். மெழுகால் வரும் சிக்கலில், ஃபில்டரில் இருக்கும் டீசலைக்கொண்டு வண்டி ஒழுங்காகக் கிளம்பி, சிறிது தூரம் போனதும் இழுவை குறைந்து அணைந்துவிடும். ஃபில்டரின் அடிக் கிண்ணத்தைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால், டீசல் தெளிவாக இராமல் மேகம் படிந்ததுபோல் கலங்கியிருக்கும். கையில் வைத்துச் சூடேற்றினால் தெளிந்துவிடும். தெளியாமல் அடியில் தனிப்படலமாக நின்றால் அது மெழுகன்று, தண்ணீர்.

சீட்டேன் ஏற்றும் மருந்து, பிரீமியம் டீசல் என்று விற்கிறார்களே, மலைவாசிகள் வாங்கலாமா? ஈதர் ஸ்பிரே அடிக்கலாமா?

மருந்தில் பெரும்பாலும் இருப்பது எத்தில்ஹெக்சில் நைட்ரேட். அது டீசலைவிடக் குறைந்த சூட்டிலேயே உடைந்து, பற்றுதலைத் தொடங்கிவைக்கும் துணுக்குகளைத் தருகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்த்தாலே 3 முதல் 5 எண் வரை உயரலாம். உறைபனிக் காலையில் ஐடிலிங் சற்று அடங்கும், புகை சற்று முன்னதாகவே தெளியும், அதை ஒப்புக்கொள்கிறேன். வண்டி சூடான பிறகு 51-க்கும் 56-க்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு இழுவையோ மைலேஜோ கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பற்றும் தாமதம் ஏற்கெனவே போதுமான அளவு சிறியதாகிவிட்டது. என் கருத்தில், அந்தப் பணத்தை முதலில் பேட்டரிக்கும் ஹீட்டர் பிளக்குக்கும் செலவிடுவது நல்லது.

ஈதரின் சீட்டேன் எண் 100-ஐத் தாண்டியது. அதனால்தான் மறுக்கும் இன்ஜினும் உடனே கிளம்புகிறது. ஆனால் ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அதை அடித்தால், செந்நிறமாக நிற்கும் முனையில் பட்டு, பிஸ்டன் மேலேறிக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும். கனெக்டிங் ராடு வளையவும், பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள பகுதி உடையவும், தீ மேனிஃபோல்டுக்கு வரவும் கூடும். ஏர் ஃபில்டர் வாயில் எரியும் துணியைப் பிடிக்கும் வழக்கமும் இதே வகை அபாயம்தான்.

இறக்கத்தில் பெட்ரோல் வண்டி அளவுக்கு டீசல் வண்டி இன்ஜின் பிடிப்பதில்லை என்று தோன்றுகிறது. இதற்கும் பற்றும் முறைக்கும் தொடர்பு உண்டா?

நேரடியான தொடர்பு உண்டு. பொறியால் பற்றும் கலவை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் இருந்தால்தான் தீ படரும். ஆகவே பெட்ரோல் இன்ஜினில் வேகத்தைக் குறைக்க, பெட்ரோலோடு காற்றையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். த்ராட்டில் மூடி அந்த வேலையைச் செய்கிறது. ஆக்சிலரேட்டரை விட்டதும் மூடி அடைபட்டு, பிஸ்டன்கள் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியதாகி, வண்டி பிடித்துக்கொள்கிறது.

டீசலில் ஒவ்வொரு துளியும் தன்னைச் சுற்றியுள்ள காற்றில் தானே பற்றுவதால், காற்று எவ்வளவு மிகுதியாக இருந்தாலும் கவலையில்லை. எனவே வேகம் டீசலின் அளவால் மட்டுமே கட்டுப்படுகிறது. பழைய இன்ஜின்களில் த்ராட்டில் மூடியே கிடையாது. ஆக்சிலரேட்டரை விட்டதும் டீசல் நிற்கும், காற்று முழுமையாக வந்துகொண்டே இருக்கும். அழுத்தும்போது எடுத்த விசையில் பெரும்பகுதியை அந்தக் காற்று விரியும்போது பிஸ்டனுக்கே திருப்பித் தந்துவிடுகிறது. பேருந்துகளிலும் லாரிகளிலும் எக்ஸாஸ்ட் பிரேக் என்ற தனி மூடியை வைத்திருப்பது இந்தக் குறையை ஈடுசெய்யத்தான்.

மேனிஃபோல்டில் வெற்றிடம் இல்லாததால், டீசல் வண்டியின் பிரேக் பூஸ்டருக்கு இன்ஜினால் ஓடும் தனி வேக்குவம் பம்ப் உண்டு. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில், டீசல் மிச்சமாகும் என்று இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறக்கினால், அந்தப் பம்பும் நின்றுவிடும். பூஸ்டரில் எஞ்சியுள்ள வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்கு மேல் வராது. அதன்பின் பிரேக் பெடல் கல்லாக இறுகிவிடும். கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டாலே பம்ப் டீசலை நிறுத்திவிடுவதால், அணைப்பதால் மிச்சம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஏறிய அதே கியரிலோ அதற்கும் கீழான கியரிலோ, இன்ஜினை ஓடவிட்டே இறங்குங்கள்.